டயரில் காற்று குறைந்ததைக் கார் எப்படி அறிகிறது?

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்க இரண்டு முறைகள் உண்டு. நேரடி முறையில், ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு இணைந்த சென்சார் காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலை வழியாகக் காருக்கு அனுப்புகிறது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். 32 பிஎஸ்ஐ வேண்டிய டயருக்கு அந்த எல்லை 24.

மறைமுக முறை அழுத்தத்தை அளப்பதே இல்லை. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுச் சுருங்குவதால், அதே தூரத்தைக் கடக்க அது மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுற்றுகிறது. ஏபிஎஸ் சென்சார்கள் தரும் சக்கர வேகத்தை ஒப்பிட்டு, கணினி இதைக் கண்டுகொள்கிறது. நான்கு டயர்களிலும் சமமாகக் காற்று இறங்கினால் வெறும் ஒப்பீட்டுக்கு அது புலப்படாது. இம்முறையின் பெரிய பலவீனம் இதுதான். புதிய அமைப்புகள் சக்கர அதிர்வையும் ஆராய்ந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. காற்றை நிரப்பியபின் ரீசெட் செய்ய மறந்தால், அமைப்பு பழைய அளவையே சரியென்று கொண்டு பொய் எச்சரிக்கை தரக்கூடும்.

விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்றுக் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் பழுது அமைப்பிலேயே இருக்கிறது. நேரடி முறையில் வழக்கமான காரணம், சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் சென்சார் பேட்டரி. அது உள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருப்பதால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற நேர்கிறது.