தாமதத்தை அழித்தால் என்ன வரும்?

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் எக்ஸிட் போல் முடிவுகள் வெளியாயின. திங்கட்கிழமை நிஃப்டி 733 புள்ளிகள் ஏறி 23,263.90-ல் முடிந்தது. செவ்வாயன்று வாக்கு எண்ணிக்கை. அன்று 1,379 புள்ளிகள் சரிந்து 21,884.50-க்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமையே 23,290.15. சரிவுக்கு முந்தைய இடத்தைச் சந்தை மூன்றே நாளில் மீட்டுவிட்டது.

அந்த வாரம் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். செவ்வாய்க்கிழமைச் சரிவு போக்கின் மாற்றமா, வெறும் அதிர்வா? விலையின் அன்றாடத் துள்ளலை 'இரைச்சல்' என்று ஒதுக்கி, அடியில் ஓடும் போக்கை மட்டும் காட்டத்தான் வழுவழுப்பாக்கும் கோடுகளை வரைகிறோம். மூவிங் ஆவரேஜ் தொடங்கி டஜன்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: விலையை விட்டுப் பின்தங்குவது. அந்தக் குறையைப் போக்க வந்த இரண்டு வழிகளை, அதே ஜூன் வாரத்தின் எண்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் பழைய கோடு. இ.எம்.ஏ. என்கிற எக்ஸ்போனென்ஷியல் மூவிங் ஆவரேஜின் வேலை எளிது. நேற்றைய கோட்டு மதிப்பில் ஒரு பங்கையும், இன்றைய விலையில் மீதிப் பங்கையும் எடுத்துக் கூட்டினால் இன்றைய மதிப்பு வந்துவிடும். 9 நாள் இ.எம்.ஏ. என்றால் இன்றைய விலைக்கு 20 சதவீதம், நேற்றைய கோட்டுக்கு 80 சதவீதம். பழைய விலைகளையெல்லாம் சேமித்து வைக்க வேண்டியதில்லை. நேற்றைய ஒரே ஓர் எண் போதும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த ராபர்ட் பிரவுன், நீர்மூழ்கிக் கப்பல்களின் நகர்வைக் கணிக்க இந்த முறையைக் கையாண்டார். பிறகு அதையே கிடங்குச் சரக்கின் தேவையைக் கணிக்கவும் கொண்டுவந்தார்.

பின்தங்கல் எவ்வளவு? ஒரு பங்கு தினமும் சரியாக 1 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 நாள் இ.எம்.ஏ. நிலைபெற்ற பிறகு, என்றைக்கும் விலைக்கு 4 ரூபாய் கீழேயே ஓடும். அதாவது நான்கு நாள் தாமதம். N நாள் கோட்டுக்குத் தாமதம் (N−1)/2 நாள் என்பது பொதுக் கணக்கு. வழுவழுப்பைக் கூட்ட N-ஐ ஏற்றினால் தாமதமும் கூடவே ஏறும்.

இங்கேதான் ஜான் எஹ்லர்ஸ், ரிக் வே ஆகிய இருவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜீரோ லேக் இ.எம்.ஏ. வருகிறது. எஹ்லர்ஸ் மின்பொறியாளர், சிக்னல்களைச் சலிக்கும் கலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். யோசனை இது: கோடு நான்கு நாள் பின்தங்கப்போகிறது என்று முன்பே தெரியும் அல்லவா? அப்படியானால் கடந்த நான்கு நாளில் விலை எவ்வளவு நகர்ந்ததோ அதை இன்றைய விலையோடு கூட்டி, அந்தக் கூட்டிய எண்ணை இ.எம்.ஏ.வுக்குள் செலுத்துவோம். தினம் 1 ரூபாய் ஏறும் பங்கில் இது கச்சிதமாக வேலை செய்கிறது. விலையோடு 4 ரூபாய் கூடுகிறது, கோடு 4 ரூபாய் பின்தங்குகிறது, இரண்டும் கழிந்து கோடு விலை மேலேயே அமர்கிறது. தாமதம் நிஜமாகவே பூஜ்யம்.

ஆனால் அந்தப் பூஜ்யம் நேர்கோட்டில் ஏறும் விலைக்கு மட்டுமே உரியது. ஜீரோ லேக் செய்வது கணிப்பு. கடந்த நான்கு நாள் நடந்ததே இனியும் நடக்கும் என்ற ஊகம். ஊகம் பொய்க்கும் இடத்தில் என்ன ஆகிறது என்று ஜூன் 4-ஐப் பார்த்தால் தெரியும்.

அன்று நிஃப்டி முடிந்தது 21,884.50. நான்கு வர்த்தக நாள் முன்பு, மே 29 அன்று, 22,704.70. இடைப்பட்ட இறக்கம் 820 புள்ளிகள். அதையும் சேர்த்துக் கழித்தால் இ.எம்.ஏ.வுக்குள் போகும் எண் 21,064. அன்றைய சரிவின் அடிமட்டத்தில்கூடச் சந்தை அந்த எண்ணுக்கு இறங்கவில்லை. பயந்த நாளில் கோடு சந்தையைவிட அதிகமாகப் பயந்தது.

அதைவிட முக்கியமானது நான்கு நாள் கழித்து நடந்தது. ஜூன் 10, திங்கட்கிழமை. நிஃப்டி 23,259.20, முந்தைய நாளைவிட 31 புள்ளிகள் குறைவு. சொல்லும்படியான அசைவு இல்லாத நாள். ஆனால் அன்றைக்கு நான்கு நாள் முன்பு என்பது ஜூன் 4! அந்தப் பள்ளத்திலிருந்து இன்றுவரை 1,375 புள்ளிகள் ஏற்றம் என்று கணக்கு சொல்லும். அதை இன்றைய விலையோடு கூட்டினால் 24,634. அதுவரை தன் வரலாற்றில் நிஃப்டி தொட்டே இராத எண் அது. விலை லேசாக இறங்கிய நாளில் கோட்டை மேல்நோக்கி இழுத்தது, ஆறு நாளுக்கு முன் முடிந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை.

ஜீரோ லேக் கோட்டின் மிகப் பெரிய ஆபத்து இந்த எதிரொலிதான் என்று சொல்ல வேண்டும். மிகையாகப் பாய்வதைக் கண்ணால் பார்த்துவிடலாம். எதிரொலியை அப்படிப் பிடிக்க முடியாது. 100 ரூபாயில் அசையாமல் இருக்கும் ஒரு பங்கு ஒரே ஒரு நாள் 110 போய்த் திரும்புகிறது என்று போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 9 நாள் இ.எம்.ஏ. அன்று 102-க்குப் போய், பிறகு மெல்ல இறங்கி 100-ஐ நெருங்கும். ஒருபோதும் 100-க்குக் கீழே போகாது. ஜீரோ லேக் அன்றே 104-க்குப் பாய்கிறது. நான்காம் நாள் 102.05. ஐந்தாம் நாள், விலை 100-லேயே நின்றுகொண்டிருக்க, கோடு 99.64-க்கு விழுகிறது. விலை 100-க்குக் கீழே ஒருநாளும் போகவில்லை, கோடு போய்விட்டது. கோடு விலையை வெட்டும்போது வாங்குவது, விற்பது என்று விதி வைத்திருப்பவருக்கு அங்கே ஒரு பொய் சிக்னல் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சார்ட்டில் கோடு காரணமில்லாமல் திரும்பும் இடத்தில், அந்தத் தாமத எண்ணிக்கை அளவுக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெரிய மெழுகுவத்தி நின்றால், திருப்பம் இன்றைய சந்தையுடையது அல்ல.

எஹ்லர்ஸின் இன்னொரு படைப்பான சூப்பர் ஸ்மூதர் வேறு பாதையில் போகிறது. அவருடைய 2013-ஆம் ஆண்டு நூலில் இது விரிவாக இருக்கிறது. இதன் வேர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930-இல் வெளியிட்ட ஃபில்டர் வடிவமைப்பு. சூப்பர் ஸ்மூதர் தாமதத்தை ஒழிப்பதாகச் சொல்வதில்லை. இருக்கிற தாமதத்துக்கு ஈடாக அதிக இரைச்சலை வெட்டித் தருகிறது. அவ்வளவே.

இதில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, உள்ளே போவது இன்றைய விலை அல்ல, இன்றைய, நேற்றைய விலைகளின் சராசரி. இன்னொன்று, நேற்றைய கோட்டு மதிப்போடு முந்தாநாள் மதிப்பையும் கணக்கில் எடுப்பது. P என்பது எத்தனை நாளுக்குக் குறைந்த அலைகளை வெட்ட வேண்டும் என்ற எல்லை:

```
a1 = exp(-1.414*pi/P)
c2 = 2*a1*cos(1.414*pi/P)
c3 = -a1*a1
c1 = 1 - c2 - c3
S  = c1*(X + X[1])/2 + c2*S[1] + c3*S[2]
```

முதல் மாற்றம் சின்னதாகத் தெரியும். ஜூன் 3-இன் 23,263.90-ஐயும் ஜூன் 4-இன் 21,884.50-ஐயும் சராசரி எடுத்தால் 22,574 வருகிறது. எக்ஸிட் போலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நிஃப்டி இருந்தது 22,530.70. ஒருநாள் மேலே, மறுநாள் கீழே என்ற துள்ளல் வாசலிலேயே நின்றுவிட்டது. தினசரி விலையில் இருக்கக்கூடிய மிக வேகமான அலை இரண்டு நாள் அலைதான். அதை இந்தச் சராசரி முழுவதும் அழித்துவிடுகிறது.

P = 10 வைத்தால், சீராக ஏறும் விலைக்குப் பின்னால் சூப்பர் ஸ்மூதர் 1.8 நாள் பின்தங்கும். ஒப்பிட்டால் நியாயமாக ஒப்பிட வேண்டும். '10 நாள் இ.எம்.ஏ.வுக்கு 4.5 நாள் தாமதம், இதற்கு 1.8தான்' என்று பலர் எழுதுகிறார்கள். அந்த இரண்டு பத்துக்கும் பொருள் வேறு. அதே 1.8 நாள் தாமதம் வரும்படி இ.எம்.ஏ.வை அமைத்தால், அதாவது இன்றைய விலைக்கு ஏறக்குறைய 35 சதவீதம் கொடுத்தால், உண்மையான வித்தியாசம் தெரியும். நான்கு நாள் அலையில் இ.எம்.ஏ. 30 சதவீதத்தை உள்ளே விடுகிறது, சூப்பர் ஸ்மூதர் 14 சதவீதத்தை. பத்து நாள் அலையில் நிலைமை தலைகீழ்: இ.எம்.ஏ. 58 சதவீதத்தையும் சூப்பர் ஸ்மூதர் 70 சதவீதத்தையும் வைத்துக்கொள்கின்றன. வேண்டாததைக் கூடுதலாக வெட்டி, வேண்டியதைக் கூடுதலாகக் காக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விலை 100-லிருந்து 110-க்கு ஒரே தாவலில் போய் அங்கேயே நின்றால், 9 நாள் ஜீரோ லேக் நான்காம் நாள் 111.8 வரை மிகைத்துப் போகும். சூப்பர் ஸ்மூதரும் ஏழாம் நாள் 110.4 வரை போகும். ஜூன் 4 போன்ற ஒரு நாளின் மாலையில், இது திரும்பிவிடும் இரைச்சலா, நீடிக்கும் சரிவா என்று எந்தக் கோட்டாலும் சொல்ல முடியாது. அந்தத் தகவல் அன்றைய விலையில் இல்லை. ஜூன் 5, 6, 7-இன் விலைகளில்தான் இருந்தது.

சொந்தமாக எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு கடைசி விஷயம். எஹ்லர்ஸ் தன் புத்தகங்களில் கோணத்தை டிகிரியில் எழுதுவார், `pi` இருக்கும் இடத்தில் `180` வைத்து. பைத்தான், எக்ஸெல் போன்றவற்றில் `cos` ரேடியனில் வேலை செய்யும். அப்படியே பெயர்த்து எழுதினால் பிழை உடனே தெரியாது. ஏனென்றால் `c1`, `c2`, `c3` மூன்றின் கூட்டுத்தொகை எப்படியும் 1 ஆகிவிடுவதால் கோடு விலையின் மட்டத்திலேயே ஓடும். P = 10-க்கு `c1` 0.25 வர வேண்டிய இடத்தில் 0.19 வரும், கோடும் நம்பும்படியே இருக்கும். P-யை 15 ஆக்கினால்தான் குட்டு வெளிப்படும்: 0.13 வர வேண்டிய `c1` ஏறக்குறைய 2.0 ஆகி, வழுவழுப்பாக்க வேண்டிய கோடு விலையைவிட அதிகமாகக் குதிக்கும். ஆகவே சந்தை விலையைக் கொடுக்கும் முன், சில நாள் 100, பிறகு 110 என்ற கற்பனை விலையைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். S-இன் தொடக்க மதிப்புகளைப் பூஜ்யத்தில் விடாமல் முதல் விலையிலேயே வைத்துக்கொண்டு, P = 10-க்கு முதல் நான்கு நாள் 101.3, 104.0, 106.6, 108.6 என்று வந்தால் கணக்கு சரி.