தகடு கழுத்து விடும் புள்ளி

உலோகத் தகட்டை மீள முடியாத அளவுக்கு இழுத்தால் அது நீள்வதோடு கடினமாகவும் ஆகிறது. படிகங்களுக்குள் இருக்கும் இடப்பெயர்வுகள் என்ற கோட்டுக் குறைகள் நகர்வதால்தான் உலோகம் வளைந்து கொடுக்கிறது. இழுக்க இழுக்க அவை பல மடங்காகப் பெருகி ஒன்றையொன்று மறிக்கின்றன. அதனால் அடுத்த சிறு நீட்சிக்கு முன்னைவிட அதிக விசை தேவைப்படுகிறது. இதுவே வேலைக் கடினமாதல். அது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைச் சொல்லும் எண் கடினமாதல் அடுக்கு. அதன் குறியீடு n. கார்க் கதவு, எரிபொருள் தொட்டி, சமையலறைத் தொட்டி போன்றவற்றுக்குத் தகடு வாங்குவோர் வலிமையைப் போலவே இந்த எண்ணையும் கேட்டு வாங்குகிறார்கள்.

இழுவிசைச் சோதனை இயந்திரம் தரும் வரைபடத்திலிருந்து n நேரடியாகக் கிடைப்பதில்லை. அந்த வரைபடம் விசையைத் தொடக்கக் குறுக்குப் பரப்பாலும், நீட்சியைத் தொடக்க நீளத்தாலும் வகுக்கிறது. மாதிரியோ நீள நீள மெலிகிறது. எனவே அந்தந்தக் கணத்தில் இருக்கும் பரப்பால் விசையை வகுத்து மெய்த் தகைவையும், நீண்ட விகிதத்தின் இயற்கை மடக்கையை எடுத்து மெய்த் திரிபையும் பெற வேண்டும். இந்த மாற்றத்துக்கு உலோகத்தின் கன அளவு மாறாது என்ற ஒரே விதி போதும்: நீளம் பத்து விழுக்காடு கூடினால், பரப்பு அதே விகிதத்தில் குறையும்.

ஆழமாக அழுத்தி வடிவமாக்கும் குறைகார்பன் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். தடிமன் 0.8 மி.மீ., மாதிரியின் அகலம் 12.5 மி.மீ., ஆகவே தொடக்கப் பரப்பு 10 சதுர மி.மீ. அளவு நீளம் 50 மி.மீ. அந்த நீளம் 55 ஆகும்போது விசை 2,710 நியூட்டன், 60 ஆகும்போது 2,865 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். விசை ஏறக்குறைய நின்றுவிட்டதுபோலத் தோன்றுகிறது. ஆனால் மெலிந்த பரப்பால் வகுத்துப் பார்த்தால் மெய்த் தகைவு 298 மெகாபாஸ்கலிலிருந்து 344-க்கு ஏறியிருக்கிறது. மெய்த் திரிபு 0.0953-லிருந்து 0.1823 ஆகியிருக்கிறது. உலோகம் இன்னும் நன்றாகவே கடினமாகிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய எஃகின் மெய்வளைகோட்டைப் பெரும்பாலும் ஓர் எளிய சூத்திரம் பிடித்துவிடும். 1945-இல் ஜான் ஹாலமன் முன்வைத்தது அது:

σ = K εⁿ

இருபுறமும் மடக்கை எடுத்தால் இது நேர்கோடு. அந்தக் கோட்டின் சரிவுதான் n. மேலே உள்ள இரு புள்ளிகளுக்கும் கணக்கிட்டால்:

n = ln(343.8/298.1) ÷ ln(0.1823/0.0953) = 0.1426 ÷ 0.6486 ≈ 0.22

இரண்டு புள்ளிகள் விளக்கத்துக்குப் போதும். ஆய்வகத்தில் ஒரு திரிபு வரம்புக்குள் பல புள்ளிகளை எடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் கோட்டைக் காண்பதே முறை.

இனி கழுத்து. இழுபடும் மாதிரியில் ஏதோ ஓரிடம் இம்மியளவு மெல்லியதாக இருக்கும். அங்கே தகைவு சற்று அதிகம், ஆகவே அந்த இடம் முதலில் நீளும். நீண்டதும் அது கடினமாகிவிடுவதால் நீட்சி பக்கத்துக்கு நகர்ந்து செல்கிறது. கடினமாதல் மெலிவை ஈடுசெய்யும் வரை இப்படியே மாதிரி முழுவதும் சீராக நீளும். 0.0953 திரிபில் நம் எஃகைப் பார்த்தால், அடுத்த ஒரு விழுக்காட்டு நீட்சியில் பரப்புக் குறைவை ஈடுகட்ட ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல் வலிமை கூடினால் போதும். கூடுவதோ ஏறத்தாழ 6.9. 0.30 திரிபு வரை அது சீராக நீண்டிருந்தால் தேவை 3.8 ஆகவும் கிடைப்பது 2.8 ஆகவும் இருக்கும். இடையில் எங்கோ இரண்டும் சமமாகின்றன. அந்தப் புள்ளியில் விசை உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் மெலிந்த இடம் மெலிந்துகொண்டே போகும், மற்ற இடங்கள் நீள்வதை நிறுத்திவிடும். மெய்வளைகோட்டின் சரிவு மெய்த் தகைவுக்குச் சமமாகும் இடமே கழுத்தின் தொடக்கம் என்பதை 1885-இல் பிரெஞ்சுப் பொறியாளர் அர்மான் கொன்சிதேர் காட்டினார்.

இந்த நிபந்தனையை ஹாலமன் சூத்திரத்தில் இட்டால் K அடிபட்டுப் போய், ε = n என்று மட்டும் மிஞ்சுகிறது. எவ்வளவு வலிமையான உலோகம் என்பது இதில் பொருட்டே அல்ல. எவ்வளவு விடாமல் கடினமாகிறது என்பதே கணக்கு. நம் தகட்டில் கழுத்து 0.22 மெய்த் திரிபில், அதாவது அளவு நீளம் சுமார் 62.3 மி.மீ. ஆகும்போது தொடங்கும். அங்கே விசை 2,875 நியூட்டன்தான், 60 மி.மீ.-இல் இருந்ததைவிடப் பத்து நியூட்டனே அதிகம். உச்சி இவ்வளவு தட்டையாக இருப்பதால், வரைபடத்தைக் கண்ணால் பார்த்துச் சீர் நீட்சியைக் குறிப்பவர் எளிதில் இரண்டு மூன்று விழுக்காடு தவறுவார். அங்கேதான் n கைகொடுக்கிறது.

அச்சில் அழுத்தப்படும் தகட்டுக்கு இதன் பொருள் நேரடியானது. கதவுத் தகட்டின் மூலைகளில் நீட்சி குவியும். n அதிகமான தகடு அங்கே சீக்கிரம் கடினமாகி, நீட்சியைச் சுற்றுப்புறத்துக்குப் பகிர்ந்துவிடும். N குறைந்த தகடு அதே இடத்தில் மெலிந்து கிழியும். 1960-களில் ஸ்டூவர்ட் கீலரும் கார்டன் குட்வினும் உருவாக்கிய வடிவமாக்க எல்லை வரைபடத்தின் மிகத் தாழ்ந்த பகுதி, தகடு ஒரு திசையில் மட்டும் நீண்டு அகலம் மாறாதிருக்கும் நிலைக்கு உரியது. கிழிசல்களில் பெரும்பகுதி அந்நிலைக்கு அருகில்தான் நேர்கிறது. அந்த எல்லையின் உயரம் n-ஐயும் தடிமனையும் பொறுத்தது. எஃகுத் தகடுகளுக்குப் பயன்படும் கீலர்-பிரேசியர் அனுபவச் சூத்திரப்படி, 0.8 மி.மீ. தகட்டில் n 0.21 என்றால் எல்லை சுமார் 35 விழுக்காடு, n 0.15 என்றால் சுமார் 25 தான். அச்சும் எண்ணெயும் மாறாதிருந்தும் ஒரு சுருள் கிழியாமலும் அடுத்த சுருள் கிழிந்தும் வருவதற்கு n-இல் உள்ள வேறுபாடு ஒரு காரணமாகலாம்.

முன்பே இழுபட்ட தகட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும். 0.22 அடுக்குள்ள எஃகைக் குளிர் உருட்டலில் 0.10 திரிபு வரை ஏற்கெனவே செலவழித்திருந்தால், தோராயமாக 0.12 மட்டுமே மிச்சம். பதப்படுத்திய பிறகே இழந்தது திரும்பும்.

அளவீட்டில் சறுக்கும் இடங்களும் உண்டு. மென்னெஃகில் தொடக்கத்தில் விசை ஏறாமலே நீளும் பகுதி வந்தால், அதைச் சேர்த்துக் கோடு போடுவது பிழை. கழுத்து விழுந்த பிறகான புள்ளிகளும் ஆகாது. அங்கே திரிபு மாதிரி முழுவதும் சமமாக இல்லை. மடக்கைத் தாளில் புள்ளிகள் வளைந்தால் ஒரே n என்பதே கேள்விக்குரியது. இரு கட்ட எஃகுகளில் அது தொடக்கத்தில் அதிகமாகவும் பின்னர் குறைவாகவும் இருக்கும். இழுக்கும்போதே கட்டமைப்பு மாறும் துருப்பிடிக்கா எஃகு சிலவற்றில் திரிபோடு ஏறும். அத்தகைய தகடுகளுக்கு எந்தத் திரிபு வரம்பில் அளந்தது என்று சொல்லாத n எண்ணை நம்ப முடியாது.

n சொல்லாதவையும் உள. கிண்ணம்போல் ஆழமாக இழுக்கும்போது தகடு அகலவாக்கில் சுருங்குமா தடிமனில் மெலியுமா என்பதே முடிவு செய்கிறது. அதற்கு லாங்க்ஃபோர்டு விகிதம் என்ற வேறோர் எண் உண்டு. வெட்டப்பட்ட விளிம்பில் தொடங்கும் வெடிப்பு வெட்டின் தரத்தைச் சார்ந்தது. கழுத்து விழுந்த பின் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதோ இழுக்கும் வேகத்துக்கு உலோகம் காட்டும் எதிர்ப்பைப் பொறுத்தது. சில உலோகக் கலவைகள் உயர் வெப்பநிலையில் n ஏறக்குறைய சுழியாக இருந்தும் பல நூறு விழுக்காடு நீள்வது அந்த எதிர்ப்பால்தான்.