தெரிந்த சொல்தான், காதில்தான் விழவில்லை

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். சுமார் அரை மணி நேரம், 40 கேள்விகள். ஆங்கில நாவல்களைச் சரளமாகப் படிப்பவர்கள்கூட இதில் திணறிவிட்டு, "ரொம்ப வேகமா பேசுறாங்க" என்பார்கள். பிறகு அதே உரையாடலை எழுத்தில் பார்த்தால், தெரியாத சொல் ஒன்றுகூட இருக்காது. வேகத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு: அச்சில் தனித்தனியாக நிற்கும் சொற்கள் பேச்சில் அப்படி நிற்பதில்லை.

இது நமக்குப் புதிதல்ல. வாழைப்பழத்தில் ஒரு 'ப்' தோன்றுகிறது, பற்பொடியில் லகரம் றகரமாகத் திரிகிறது, மரவேரில் மகரம் கெடுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் வகுத்த மூன்றும் ஆங்கிலத்திலும் உண்டு. நாம் அதைப் பெரும்பாலும் எழுத்திலேயே காட்டிவிடுகிறோம், ஆங்கிலேயர் காட்டுவதில்லை. கண்ணால் ஆங்கிலம் கற்றவருக்கு அதனால்தான் காது கைகொடுப்பதில்லை.

'ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் ஹிம் ஃபார் இட் லாஸ்ட் மந்த்.' போன மாதமே அவனிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று பொருள். பள்ளியில் வாசித்தால் ஒன்பது சொல்லும் தெளிவாக ஒலிக்கும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் இயல்பாகச் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'ஐ ஷுடவ் ஆஸ்க்டிம் ஃபரிட் லாஸ்மந்த்.' 'ஹேவ்' தேய்ந்து 'அவ்' ஆகி முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'ஹிம்' தன் ஹகரத்தை இழந்தது. 'ஃபார்' குறுகி, அதன் ரகரம் அடுத்த உயிரோடு சேர்ந்தது. 'லாஸ்ட்' என்பதில் டகரம் இரண்டு மெய்களுக்கு நடுவே மாட்டிக் காணாமல் போனது. அழுத்தமாக நிற்பவை கேட்டல், போன மாதம் என்ற செய்திக்குரிய சொற்கள் மட்டுமே. ஆங்கிலம் செய்தியைச் சுமக்கும் சொற்களை அழுத்தும். 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'கேன்' போன்ற துணைச் சொற்களை அரைகுறை உயிரொலியாக நசுக்கிவிடும். நம் குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறைவதை நினைத்தால் இது பிடிபடும்.

பெரும்பாலும் இந்தத் தேய்வால் நஷ்டமில்லை; சூழலை வைத்து ஊகித்துவிடலாம். பொருளே தலைகீழாகும் இடமும் உண்டு. 'முடியும்' என்பதை அமெரிக்கர் 'ஐ க்ன் கோ' என்பார். 'முடியாது' என்னும்போது கடைசி டகரம் பல நேரம் தொண்டையிலேயே நின்றுவிட, 'ஐ கேன் கோ' போலக் கேட்கும். டகரத்துக்காகக் காத்திருக்கும் நம்மவர் 'முடியும்' என்று எழுதிவிடுவார். கவனிக்க வேண்டியது உயிரொலியை: அது அழுத்தமாக, முழுதாக வந்தால் மறுப்பு, நசுங்கினால் உடன்பாடு.

பயிற்சிக்கு நீளமான பதிவு வேண்டாம். எழுத்துப்படியோடு கிடைக்கும் ஒரு பதிவில் பதினைந்து விநாடித் துண்டு போதும். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சிகள் எழுத்துப்படியுடன் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று நான்கு முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். புரியாத இடத்தைத் தமிழ் எழுத்தில் ஒலியாகவே குறித்தாலும் சரி. பிறகு எழுத்துப்படியோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சொல் எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றால் அது அகராதி வேலை. தெரியும் என்றால், ஒட்டியதா, தேய்ந்ததா, விழுந்ததா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். சில நாளில் உங்கள் காது எதில் அதிகம் ஏமாறுகிறது என்று அந்தக் குறிப்புகளே சொல்லும். என் கணிப்பில், நம்மில் பலரை அதிகம் ஏமாற்றுபவை தேய்ந்த துணைச் சொற்கள்தாம்.

அடுத்து, எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, பேசுபவரோடு சேர்ந்து அதே தேய்வோடு சொல்லிப் பாருங்கள். இது அவர்களைப் போல உச்சரித்துக் காட்டுவதற்காக அல்ல. தன் வாய் ஒருமுறை சொன்ன ஒலியைக் காது எளிதில் அடையாளம் காணும். மறுநாள் எழுத்தை மூடிவைத்து அதே துண்டை மீண்டும் கேட்க வேண்டும். பலர் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கிறார்கள். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க அது ஓரளவு உதவும், ஆனால் பேசுபவர் விட்டுவிட்ட டகரம் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் திரும்பி வராது. கடைசியாக எப்போதும் இயல்பான வேகத்தில் கேட்டு முடியுங்கள்.

காது எவ்வளவு பழகினாலும் ஓர் எல்லை உண்டு. 'புக்ட் த ரூம்' என்பதை விரைந்து சொன்னால் இறந்தகாலத்தைக் காட்டும் டகரம் மறைந்து 'புக் த ரூம்' என்றே கேட்கும். அந்த நாட்டுக்காரருக்கும் அப்படித்தான். அவர் பக்கத்தில் வரும் 'நேற்று' என்பதை வைத்துக் காலத்தை முடிவுசெய்கிறார். தேர்வில் நீங்களும் அதையே செய்யுங்கள். விட்ட ஒலியைத் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வியின் விடை கடந்து போய்விடும்.