போர்வைக்குள் ஒரு குண்டான் வெந்நீர்

தொண்டை கரகரத்தால் நம் வீடுகளில் உடனே அடுப்பேறுவது ஒரு குண்டான் தண்ணீர். அதில் கொஞ்சம் நொச்சி இலை, மஞ்சள்தூள். மேலே ஒரு போர்வை. ஐந்து நிமிடத்தில் தொண்டை இதமாகிறது. அந்த இதம் பொய்யல்ல. ஈரமான வெதுவெதுப்புக் காற்று வறண்ட தொண்டையை நனைத்து, சளியை இளக்குகிறது. ஆனால் ஆவி கிருமியைக் கொல்வதில்லை. தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆவி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

பெரியவர்கள் பிடிப்பதென்றால், அடுப்பை அணைத்துச் சில நிமிடம் ஆறவிடுங்கள். அடி அகன்ற, கனமான பாத்திரத்தை ஆடாத மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்காருங்கள். மடியிலோ கட்டிலிலோ பாத்திரம் கூடாது. முகம் ஒரு அடி தள்ளி இருக்கட்டும், கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முடிந்ததும் தண்ணீரைக் கையோடு கொட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விபத்து எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அம்மா நான்கு வயதுப் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, முன்னால் பாத்திரத்தை வைத்துப் போர்வையால் மூடுகிறாள். உள்ளே இருட்டு, புழுக்கம். பிள்ளை திமிறி எழப் பார்க்கிறது. கால் பட்டுப் பாத்திரம் கவிழ்கிறது. ஆவி முகத்தில் பட்டுச் சுடுவதைவிட, மடியில் கொட்டும் வெந்நீர்தான் பெரும்பாலும் காயத்தை உண்டாக்குகிறது. வயிறு, தொடை, பிறப்புறுப்பு எல்லாம் வெந்துபோகின்றன. நனைந்த துணி சூட்டைத் தோலோடு ஒட்டிவைத்திருக்கிறது. போர்வைக்குள் சிக்கிய பிள்ளையால் விலகி ஓடவும் முடிவதில்லை. குழந்தையின் தோல் மெல்லியது. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே அதை ஆழமாகப் புண்ணாக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர் அதைவிடச் சூடானது. அம்மா பக்கத்திலேயே இருந்தாலும் அந்தச் சில விநாடிகளில் தடுக்க முடியாது.

மின்சார ஆவிக்கருவியிலும் கொதிநீர்தான் இருக்கிறது. தொங்கும் ஒயரைப் பிள்ளை இழுத்தால் அதுவும் கவிழும். கற்பூரம் சேர்ப்பது இன்னொரு ஆபத்து. சிறு குழந்தைகளுக்கு அது வலிப்பைக்கூட உண்டாக்கலாம்.

பிள்ளைக்குத் தொண்டை வலித்தால் வெதுவெதுப்பாகக் கஞ்சியோ ரசமோ கொடுங்கள். ஒரு வயது தாண்டியிருந்தால் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து உண்டு. எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயில் ஒழுகினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருவேளை வெந்நீர் கொட்டிவிட்டால், துணியையும் டயப்பரையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்தி வையுங்கள். ஐஸ், பற்பசை, மை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள்.