தரையிலே பறக்கும் விமானம்

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், எமிரேட்ஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்று முந்நூறு பேருடன் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குச் சென்றது. அங்கே இறங்குகையில் காற்று திசை மாறிற்று. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் தாண்டிய பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானி மீண்டும் மேலெழ முடிவு செய்து, அதற்குரிய பொத்தானை அழுத்தினார். ஆனால், சக்கரம் தரையில் பட்டபின் அப்பொத்தான் வேலை செய்யாதவாறு விமானம் அமைக்கப்பட்டிருந்தது. எஞ்சின்கள் வேகம் கொள்ளவில்லை. 85 அடி உயரம் எழுந்த விமானம் மீண்டும் ஓடுபாதையில் வீழ்ந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்தோர் அனைவரும் பிழைத்தனர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார்.

தரையை ஒட்டிய நிலையிலிருந்து மேலெழுவதற்கு விமானிகள் போதிய பயிற்சி பெறாமையை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டிற்று. இத்தகைய பயிற்சியை உண்மை விமானத்தில் அளித்தல் ஆபத்தாகும். ஆகவேதான் சிமுலேட்டர் என்னும் பாவனை விமானம் வேண்டப்படுகிறது.

அது ஆறு கால்களின்மேல் நிற்கும் ஓர் அறை. உள்ளே மெய்யான விமானி அறையின் கருவிகள் அனைத்தும் உண்டு. கால்கள் ஒன்றரை மீட்டர் அளவே நீளும். அவ்வாறாயின், எஞ்சின் முழு வேகம் கொள்ளும்போது முதுகை இருக்கையோடு அழுத்தும் விசையை அறை எவ்வாறு தருகிறது? முதலில் சற்றே முன்னால் நகர்கிறது. பின்னர், செவியினுள் உள்ள சமநிலை உறுப்பு உணராத அளவு மெதுவாகப் பின்புறம் சாய்கிறது. 15 பாகை சாய்ந்தால், உடல் எடையின் கால்பங்கு முதுகை அழுத்தும். கண்முன் ஓடுபாதையோ சாயாமல் விரைந்தோடி வருகிறது. எனவே உடல் அச்சாய்வை வேகம் என்றே கொள்கிறது.

அக்காட்சி நேரே கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. திரையில் விழும் படத்தை விமானிகள் பெரிய குழிந்த கண்ணாடியொன்றின் வாயிலாகக் காண்கின்றனர். அதனால் அருகிலுள்ள படம் நெடுந்தொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறது; இரு விமானிகளும் ஓடுபாதையை ஒரே திசையில் காண்கின்றனர்.

இனித் துபாய் நிகழ்ச்சியை இவ்வறையில் அமைத்துப் பார்ப்போம். சக்கரம் தரையைத் தொட்டதும் பயிற்றுநர் மேலெழுமாறு பணிக்கிறார். பொத்தானை அழுத்தியும் முதுகில் அழுத்தம் இல்லை. எஞ்சின் ஒலி உயரவில்லை. அளவுமானியின் முள்ளும் ஏறவில்லை. இம்மூன்றையும் கண்ட விமானி, விசைக் கைப்பிடிகளைத் தம் கையாலேயே முன்தள்ளக் கற்கிறார். தவறினால் அறை குலுங்கி நிற்கும். மறுகணமே மீண்டும் தொடங்கலாம்.

இவ்வறைக்கும் எல்லை உண்டு. நீண்டு நிலைக்கும் கடும் விசைகளை அதனால் தர இயலாது. பாடத்தில் சேர்க்கப்படாத ஆபத்தை அது தானாகக் கற்பிப்பதுமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து சென்ற அவ்விமானம் நமக்கு உணர்த்துவது இதுவே.