வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பின் பள்ளிக்கும் பணிக்கும் திரும்புதல்: 48 மணி நேரக் கணக்கு

வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்றவுடன் நோய் நீங்கிவிட்டதாக நோயாளி கருதுகிறார். மாணவராயின் மறுநாளே வகுப்புக்குச் செல்கிறார். தொழிலாளியாயின் மறுநாளே வேலைக்குச் செல்கிறார். அவருடைய உடல்நிலையை மட்டும் நோக்கினால் இதில் பெரிய தவறு இல்லை. ஆனால், நோயாளி நலமடையும் நாளும், அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றும் வாய்ப்புக் குறையும் நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை எவ்வாறு கணக்கிடுவது, அக்காலத்திற்குரிய செலவை யார் ஏற்பது என்பவை தனித்தனி வினாக்களாகத் தோன்றலாம். நடைமுறையில் இரண்டாவது வினாவுக்கு விடை காணாமல் முதல் வினாவின் விடையைச் செயற்படுத்த இயலாது.

கிருமி வெளியேறும் காலம்

திடீரென வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றி ஓரிரு நாட்களில் தணிந்துவிடும் நோய்க்குப் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ரோட்டா வைரஸ் சிறு குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குவது. இதற்கான தடுப்பு மருந்து நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 2016ஆம் ஆண்டு நான்கு மாநிலங்களில் சேர்க்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. மற்றொன்றான நோரோ வைரஸ் எல்லா வயதினரையும் தாக்கும். இதற்குப் பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசி இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வாராது என்பதும் இல்லை.

நோரோ வைரஸ் உடலுள் புகுந்த 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தோன்றுகிறது. ஒன்று முதல் மூன்று நாட்களில் தணிகிறது. மலத்தில் கிருமி வெளியேறுவதோ அத்துடன் நிற்பதில்லை. நோய்க் காலத்திலும் அதனை அடுத்த சில நாட்களிலும் மிகுதியாகவும், அதன் பின்னர் குறைந்த அளவில் இரண்டு வாரங்களோ அதற்கு மேலுமோ அது வெளியேறிக்கொண்டிருக்கும். நோயை உண்டாக்க நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே போதும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு மாசும் ஆபத்தானதே.

அவ்வாறாயின் கிருமி முற்றிலும் நீங்கும் வரை நோயாளியை விலக்கி வைக்க வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டுவதில்லை. மலத்தில் கிருமி இருப்பது வேறு. அது மற்றொருவர் வாயைச் சென்றடைவது வேறு. வாந்தி எடுக்கும்போது நுண்துளிகள் சுற்றிலும் தெறிக்கின்றன. நீர்போன்ற மலம் அடக்க இயலாமல் வந்து, கழிப்பறை, கதவுப்பிடி, வாளி, கைகள் ஆகியவற்றை மாசுபடுத்துகிறது. கிருமியைப் பரப்பும் இவ்விரண்டு வழிகளும் நோய்க்குறிகளோடு முடிந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது கை ஒன்றே. அதனைச் சோப்பும் நீரும் கொண்டு தூய்மைப்படுத்த இயலும்.

ஆகவே, கடைசி வாந்தி அல்லது கடைசி நீர்மலத்திற்குப் பின் 48 மணி நேரம் கழித்தே திரும்புதல் என்னும் விதி பல நாடுகளின் சுகாதாரத் துறைகளால் மேற்கொள்ளப்பட்டுள்ளது. இந்த 48 மணி நேரம் தொற்றின் முடிவைக் குறிப்பதன்று. தொற்று மிகுந்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி கழிந்ததையும், நோய்க்குறி மீண்டும் தலைகாட்டவில்லை என்பதையும் உறுதிசெய்யும் ஓர் இடைவெளியே அது.

எந்த மணியிலிருந்து எண்ணுவது?

விதி எளிதாயினும் கணக்கிடுவதில் பிழை நேர்வது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 90 குழந்தைகள் பயிலும் ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சமைக்க இரண்டு பெண்கள் பணிபுரிகின்றனர். 26 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு இருவர் என்பதே மத்திய அரசு வகுத்துள்ள அளவுகோல். அவர்களுள் ஒருவருக்குத் திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு வாந்தி தொடங்குகிறது. செவ்வாய் காலை 6 மணிக்கு வாந்தி நிற்கிறது. கடைசியாக நீர்மலம் கழிந்தது செவ்வாய் இரவு 8 மணிக்கு.

நலமாக உணர்வதையே அளவாகக் கொண்டால் அவர் புதன் காலை 8 மணிக்கு வந்துவிடுவார். அப்போது கழிந்திருப்பவை 12 மணி நேரமே. “இரண்டு நாள் விடுப்பு” என்று கொண்டு செவ்வாய், புதன் இரு நாட்களும் வீட்டில் இருந்து வியாழன் காலை வருவாராயினும் கழிந்திருப்பவை 36 மணி நேரம்தான். சரியான கணக்கு செவ்வாய் இரவு 8 மணியில் தொடங்கி வியாழன் இரவு 8 மணியில் முடிகிறது. எனவே அவர் வரவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. இடையில், புதன் நண்பகலில் மீண்டும் ஒருமுறை நீர்மலம் கழிந்தால் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். வெள்ளி நண்பகலில்தான் முடியும்.

இங்கு இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, பேதியை நிறுத்தும் மாத்திரை உட்கொண்டவரின் குடல் அடங்கியிருப்பது மருந்தின் விளைவாக இருக்கலாம். அம்மருந்து இல்லாமலேயே 48 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். இரண்டாவது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது வழங்கப்படும் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுப்பது முறை. மாத்திரை முடியவில்லை என்பதற்காகக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருத்தல் தேவையற்றது.

உணவிற் கலந்த நச்சுப்பொருளால் நேரும் வாந்தியும் உண்டு. ஒரே உணவை உண்ட பலர் சில மணி நேரத்திற்குள் ஒருசேர நோயுற்றால் அவ்வாறு ஐயுறலாம். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆயினும், தனி ஒருவரின் நோயைப் பார்த்த அளவில் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாதாகையால், விதி இரண்டுக்கும் பொதுவானதாகவே கொள்ளப்படுகிறது.

48 மணி நேரம் போதாத நோய்கள்

மலத்துடன் இரத்தம் அல்லது சளி கழிதல், கடுங்காய்ச்சல், அரிசி கழுவிய நீர்போல் இடைவிடாத பேதி ஆகியவை காணப்பட்டால் இக்கணக்கு பொருந்தாது. மருத்துவரின் முடிவே பொருந்தும். சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, மருத்துவம் பெறாதவரின் மலத்தில் நான்கு வாரங்கள் வரை காணப்படலாம். 10 முதல் 100 கிருமிகளே பிறருக்கு நோயை உண்டாக்கப் போதுமானவை. டைபாய்டு காய்ச்சலிலிருந்து மீண்டவர்களுள் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை ஓராண்டுக்கு மேலும் கிருமியைச் சுமப்பவராகிவிடுகின்றனர். ஆதலால் சமையல் ஊழியர், மருத்துவமனைப் பணியாளர், அங்கன்வாடிக் குழந்தை ஆகியோருக்கு இந்நோய்கள் வந்திருப்பின் மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியான பின்னரே திரும்ப அனுமதிக்க வேண்டும். ஆனால் சாதாரண வயிற்றுப்போக்குற்ற மாணவர் அனைவரிடமும் இத்தகைய சான்றிதழ் கேட்பது பயனற்றது, பெற்றோருக்கு வீண்செலவு.

திரும்பிய பின்னர்

வெள்ளிக்கிழமை பணிக்குத் திரும்பிய அச்சமையற் பெண்ணிடம் கிருமி அறவே இல்லை என்று கொள்ளலாகாது. கொதிக்கும் சோற்றாலும் பருப்பாலும் ஆபத்து இல்லை. சமைத்து முடித்த பின் கைபடும் செயல்களே கவனத்திற்குரியவை. அவித்த முட்டையை உரித்தல், வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குதல், கழுவிய தட்டுகளை அடுக்குதல், குடிநீர்ப் பானையில் கைவிட்டு முகத்தல் ஆகியவை அவை. முதல் இரண்டு வாரங்களுக்கு இவற்றை மற்ற ஊழியரிடம் ஒப்படைத்து, இவரை அடுப்புப் பணியில் அமர்த்துவது எளிய ஏற்பாடாகும். கை கழுவுதல் சோப்பினாலும் ஓடும் நீராலும் நிகழ வேண்டும். சாராயம் கலந்த கைத்திரவம் நோரோ வைரஸை நன்கு அழிப்பதில்லை.

வகுப்பறையில் குழந்தை வாந்தி எடுத்தால், முதலில் பழந்துணியாலோ காகிதத்தாலோ அதனை அள்ளி அகற்ற வேண்டும். அழுக்கு எஞ்சியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பின்னர், 25 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கலந்த நீரை ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டுத் துடைக்க வேண்டும். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழக்கும். கலந்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். கழிப்பறை அமிலத்துடன் இதனைக் கலத்தல் ஆகாது. நச்சு வாயு தோன்றும்.

மூன்று நாள் ஊதியம்

உணவுத் தொழில் நிறுவனங்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், வாந்தியோ வயிற்றுப்போக்கோ உடையவர் அதனை நிருவாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்றும், அவரை உணவைக் கையாள அனுமதிக்கலாகாது என்றும் கூறுகின்றன. ஆனால் தெரிவிப்பவர் ஊதியத்தை இழப்பாராயின் அவர் எவ்வாறு தெரிவிப்பார்? மதிய உணவுச் சமையற்காரருக்கு 2009ஆம் ஆண்டில் மத்திய அளவுகோலாக நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். மாநிலங்கள் பல தம் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்க்கின்றன. இவர்களுள் பெரும்பாலோருக்கு ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு இல்லை. அமைப்புசார் தொழிலாளர் நிலையும் இவ்வகையில் முழுமையாக நிறைவானதன்று. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நோய்க்கால உதவித்தொகையை வழங்கியபோதே, நோயின் முதல் இரண்டு நாட்களை அதிலிருந்து விலக்கியது. சிறு நோய்க்கான கோரிக்கைகள் பெருகாதிருக்க இவ்வேற்பாடு உதவக்கூடும். ஆனால் மொத்தமே மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும் ஒரு தொற்றுநோயில், விலக்கப்படுபவை வீட்டில் இருக்கவேண்டிய நாட்களேயாகும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் அப்பெண் இழப்பது செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று வேலை நாட்கள். நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று கொண்டால் இழப்பு 600 ரூபாய். அவர் புதனன்றே வந்து, அதனால் பத்துக் குழந்தைகள் நோயுற்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் 300 ரூபாய்க் கூலியை ஒருநாள் இழப்பாராயின், ஊராருக்கு நேரும் இழப்பு 3,000 ரூபாய். மருத்துவச் செலவு இதிற் சேரவில்லை. இவை கணக்கை விளக்கக் கொண்ட தொகைகளே. எனினும் ஒருவரின் ஊதியத்தை மிச்சப்படுத்துவது பலரின் ஊதியத்தை இழப்பதில் முடியக்கூடும் என்பதை இவை காட்டும்.

எனவே, பள்ளியிலும் விடுதியிலும் ஆலைச் சிற்றுண்டிச் சாலையிலும் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். கடைசி நோய்க்குறி தோன்றிய நாளையும் மணியையும் எழுதும் ஒரு பதிவேடு. அழைத்தவுடன் வரக்கூடிய பதிலி ஊழியரின் பெயர். விலகியிருக்கும் நாட்களுக்கு ஊதியம் பிடிக்கப்படாது என்னும் எழுத்து மூலமான ஆணை. இவற்றுள் மூன்றாவது இல்லையெனில் முதலாவதில் உண்மையான மணி எழுதப்படமாட்டாது.