12 லட்சத்துக்கு மேலே 15 ஆயிரம்

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார். சம்பளக்காரர்களுக்கு அந்த எல்லை 12 லட்சத்து 75 ஆயிரம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து பலரும் தங்கள் சம்பளத்தை அந்த எண்ணோடு ஒப்பிட்டு, நமக்கு வரி இல்லை என்று முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த 12 லட்சம் எந்த வருமானத்தைக் குறிக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. வரிக் கணக்கு மூன்று படிகளில் போகிறது: மொத்த வருமானம், வரிக்குரிய வருமானம், செலுத்த வேண்டிய வரி. 12 லட்சம் என்ற எல்லை இரண்டாவது படியில் வரும் தொகைக்கு உரியது. அதனால் கிடைக்கும் சலுகையோ மூன்றாவது படியில்தான் வருகிறது.

தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 12,60,000 ரூபாய். வங்கியில் போட்டு வைத்திருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டில் அந்த ஆண்டு 30,000 ரூபாய் வட்டி வந்திருக்கிறது. வேறு வருமானம் இல்லை. புதிய வரி முறையில் இருக்கிறார்.

முதல் படியிலேயே ஒரு தவறு நடக்கிறது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, அதுதான் வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கைக்கு வருவது பி.எஃப்., தொழில் வரி, டி.டி.எஸ். எல்லாம் பிடித்தது போக மிஞ்சிய பணம். பி.எஃப்.புக்காக உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த தொகையும் நீங்கள் சம்பாதித்ததுதான், கணக்கில் அது வருமானமாகவே நிற்கும். வேலையில் சேரும்போது சொல்லப்படும் சி.டி.சி.யும் சரியான எண் அல்ல, அதில் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்.பும் கலந்திருக்கும். நிறுவனம் தரும் ஃபார்ம் 16-இல் மொத்தச் சம்பளம் என்று இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதோடு வட்டி, வாடகை, பங்கு விற்ற லாபம் என்று மற்றவையும் சேரும். நம் ஊழியருக்கு 12,60,000 சம்பளம், 30,000 வட்டி. மொத்தம் 12,90,000.

இரண்டாவது படியில், சட்டம் அனுமதிக்கும் கழிவுகளை இதிலிருந்து எடுக்கிறோம். புதிய முறையில் சம்பளக்காரருக்குப் பெரிய கழிவு ஒன்றுதான்: 75,000 ரூபாய் நிலையான கழிவு. இதற்கு ரசீது எதுவும் காட்ட வேண்டாம். எல்.ஐ.சி., பி.பி.எஃப்., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று பழைய முறையில் ஒன்றரை லட்சம் வரை கழிக்க முடிந்தவை இங்கே செல்லாது. வரி குறையும் என்று நம்பி மார்ச் மாதக் கடைசியில் பாலிசி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதிய முறையில் இருப்பவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூட வரி குறையாது. 12,90,000-இல் 75,000 போனால் 12,15,000. இதுதான் வரிக்குரிய வருமானம்.

ஃபார்ம் 16-ஐப் புரட்டுபவருக்கு ஓர் இடத்தில் குழப்பம் வரலாம். அதில் நிலையான கழிவைச் சம்பளப் பகுதியிலேயே கழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மொத்த வருமானம் என்ற வரி வரும். ஆகவே அந்த வரியில் உங்கள் முழுச் சம்பளத்தைத் தேடினால் கிடைக்காது. 75,000 இரண்டு முறை கழிக்கப்படாமல் இருக்க, அது எங்கே கழிந்தது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படியில்தான் வரி விகிதங்கள் வருகின்றன. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். எட்டிலிருந்து 12 லட்சம் வரை 10 சதவீதம், அது 40,000. மீதி 15,000-க்கு 15 சதவீதம், 2,250. கூட்டினால் 62,250 ரூபாய். கடைசி அடுக்கைத் தொட்டதால் முழு வருமானத்துக்கும் 15 சதவீதம் விழுந்துவிடாது, அந்த அடுக்குக்குள் வரும் தொகைக்கு மட்டுமே அந்த விகிதம்.

அப்படியானால் 12 லட்சம் வரை வரி இல்லை என்பது எப்படி? சரியாக 12 லட்சம் உள்ளவருக்கும் 60,000 ரூபாய் வரி கணக்கிடப்படுகிறது. பிறகு அந்த 60,000-ஐயும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குத்தான் இந்தத் தள்ளுபடி. நம் ஊழியர் 15,000 ரூபாய் தாண்டிவிட்டார். கூடுதலாக வந்த 15,000-க்காக 62,250 கட்டச் சொல்வது அநியாயம் என்பதால், சட்டத்தில் விளிம்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினாரோ அதைவிட அதிகமாக வரி இருக்கக் கூடாது. ஆகவே அவர் வரி 15,000. அதற்கு 4 சதவீத செஸ் 600. மொத்தம் 15,600 ரூபாய். இந்த நிவாரணம் ஏறத்தாழ 12,70,000 வரைதான் பயன்படும். அதற்கு மேலே போனால் சாதாரணக் கணக்கிலேயே வரி, தாண்டிய தொகையைவிடக் குறைவாக வந்துவிடும். பங்கு விற்ற லாபத்தைப் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்தின் மீதான வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் பங்கு வாங்கி விற்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, முன்பே பிடித்த வரியைக் கழிக்க வேண்டும். நம் ஊழியருக்கு அது பூஜ்யம். நிறுவனத்துக்குத் தெரிந்தது சம்பளம் மட்டும். 12,60,000-இல் 75,000 போக 11,85,000, அது 12 லட்சத்துக்குள் இருப்பதால் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. அறுபது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும், ஆகவே வங்கியும் பிடிக்கவில்லை. இருவரும் விதிப்படியே நடந்திருக்கிறார்கள். இரண்டு வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. வரி பிடிக்காததால் வட்டிக்கு வரி இல்லை என்று அவர் நினைத்தால், ரிட்டர்ன் போடும்போது 15,600 ரூபாய் எதிரே வந்து நிற்கும். வரித்துறை தளத்தில் இருக்கும் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்தால், வங்கி அறிவித்த அந்த வட்டி அங்கே பதிவாகியிருப்பதை அவரே பார்க்கலாம்.

பாக்கி 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பதால் அதை ஆண்டுக்குள்ளேயே முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி ஏப்ரலிலிருந்து ஏறும். ஜூலையில் கட்டினால் நான்கு மாதத்துக்கு 624 ரூபாய், தவணை தவறியதற்கான வட்டி அதற்கு மேல். வங்கி வட்டியைப் பற்றி நிறுவனத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், சம்பளத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய வாய்ப்பு இரண்டாவது படியில் இருந்தது. அதே சம்பளத்துக்குள் 15,000 ரூபாயை நிறுவனத்தின் பங்களிப்பாக என்.பி.எஸ். ஓய்வூதியக் கணக்கில் கட்டும்படி ஆண்டு தொடக்கத்திலேயே மாற்றி அமைத்திருக்கலாம். புதிய முறையிலும் அனுமதிக்கப்படும் சில கழிவுகளில் அது ஒன்று, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிக்கலாம். அப்போது வரிக்குரிய வருமானம் சரியாக 12,00,000. தள்ளுபடி முழுவதும் கிடைத்து வரி பூஜ்யமாகியிருக்கும். அந்த 15,000 ரூபாயும் அவர் பெயரிலேயே இருந்திருக்கும். ஆனால் நிறுவனம் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், மார்ச் 31-க்குப் பிறகு இதைச் செய்ய வழியில்லை.